வெயிட்லிஸ்ட் என்பது வரிசை அல்ல

மார்ச் கடைசியில் ஒருநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு, குடியாத்தத்திலிருந்து அக்கா மகள் போன் செய்தாள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் இளங்கலைச் சேர்க்கை முடிவுகளைப் பெரும்பாலும் அவர்கள் ஊர் மாலை நேரத்தில்தான் வெளியிடும். நமக்கு அது விடியற்காலை. அவள் தூங்கவே இல்லை என்பது குரலிலேயே தெரிந்தது.

"மாமா, வெயிட்லிஸ்ட்னு வந்திருக்கு. ஆனா எத்தனாவது நம்பர்னு எங்கயும் போடலையே, அத எங்க பாக்கறது?"

இந்தக் கேள்வியை அதற்குப் பிறகு வேலூரிலும் ராணிப்பேட்டையிலும் பல பெற்றோர் வாயிலிருந்து கேட்டுவிட்டேன். கேள்வியே தவறான இடத்தில் தொடங்குகிறது. நம்பர் இல்லை, ஏனென்றால் பெரும்பாலான இடங்களில் வரிசையே இல்லை. இது புரியாததால் சிலர் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விடுகிறார்கள், சிலர் செய்யக்கூடாததற்குப் பணம் கொடுக்கிறார்கள். அமெரிக்க இளங்கலைச் சேர்க்கையை மட்டும் எடுத்துக்கொண்டு, அக்கா மகளுக்கு நடந்ததை வைத்தே இதை விளக்கப் பார்க்கிறேன்.

## காட்பாடி ரயிலும் கலந்தாய்வும்

வெயிட்லிஸ்ட் என்ற சொல்லை நாம் கற்றுக்கொண்டது ரயில் டிக்கெட்டில். காட்பாடியிலிருந்து ஒரு ரயிலுக்குப் பதிவு செய்கிறோம், WL 14 என்று வருகிறது. முன்னால் இருப்பவர்கள் டிக்கெட்டை ரத்து செய்தால் 14 என்பது 9 ஆகும், 3 ஆகும், பிறகு ஆர்ஏசி, அப்புறம் உறுதியான இருக்கை. நாம் யார், எதற்குப் போகிறோம் என்று ரயில்வே கேட்பதில்லை. நமக்கு முன்னால் எத்தனை பேர் என்பது மட்டும்தான் கணக்கு.

பொறியியல் கலந்தாய்வும் கிட்டத்தட்ட அப்படித்தான். நம் ரேங்க் முதலிலேயே முடிவாகிவிடும். கிடைத்த இடத்தை ஏற்றுக்கொண்டு, மேலே உள்ள விருப்பத்துக்கும் காத்திருக்கிறேன் என்று குறிப்பிடும் வசதி அதில் உண்டு. மேலே ஓர் இடம் காலியானால், விதிப்படி யாருக்கு ரேங்க் இருக்கிறதோ அவருக்குத் தானாகப் போகும். நாம் கடிதம் எழுத வேண்டாம், மதிப்பெண்ணைப் புதுப்பிக்க வேண்டாம்.

இந்த இரண்டு பழக்கத்தோடும் அமெரிக்க வெயிட்லிஸ்ட்டைப் பார்க்கும்போதுதான் குழப்பம். அங்கே முன்னால் பத்துப் பேர் விலகினாலும் பதினோராவது ஆளுக்கு இடம் என்று எந்த உறுதியும் இல்லை. பதினோராவது ஆள் என்று ஒருவரே இல்லை.

## அது என்னதான் என்றால்

ஊர் கிரிக்கெட் அணியை நினைத்துப் பாருங்கள். பதினொரு பேர் ஆடுகிறார்கள், வெளியே நான்கு பேர் தயாராக உட்கார்ந்திருக்கிறார்கள். விக்கெட் கீப்பருக்கு விரலில் அடிபட்டால் கேப்டன் யாரைக் கூப்பிடுவார்? முதலில் வந்து உட்கார்ந்தவரை அல்ல, கீப்பிங் தெரிந்தவரை. அடிபட்டது வேகப்பந்து வீச்சாளர் என்றால் கூப்பிடப்படுபவர் வேறு ஆள். யாருக்கும் அடிபடவில்லை என்றால் நான்கு பேரும் கடைசி வரை வெளியேதான்.

பல்கலைக்கழக வெயிட்லிஸ்ட் இதுதான். எந்த ஓட்டை விழுகிறதோ அந்த ஓட்டைக்குப் பொருந்துபவரைத் தேடி எடுக்கும் ஒரு தொகுப்பு.

ஓட்டை ஏன் விழுகிறது என்பதுதான் அடுத்த கேள்வி. அதற்கு நம் வீட்டுக் கல்யாணமே போதும். ஆயிரம் பத்திரிகை கொடுத்தால் ஆயிரம் குடும்பமும் வருவதில்லை. சமையல்காரர் அனுபவத்தை வைத்து, இத்தனை இலைக்குச் சமைத்தால் போதும் என்று ஒரு கணக்குச் சொல்வார். அமெரிக்கப் பல்கலைக்கழகமும் அப்படித்தான் கணக்குப் போடுகிறது. இடம் கொடுத்தவர்களில் எத்தனை சதவீதம் பேர் உண்மையில் சேர்கிறார்கள் என்பதை அவர்கள் 'யீல்டு' என்கிறார்கள்.

கற்பனையாக ஒரு கணக்கு. ஒரு பல்கலைக்கழகத்துக்கு முதலாம் ஆண்டில் 1,000 பேர் வேண்டும். மூன்றில் ஒருவர் சேர்வார் என்பது அவர்கள் அனுபவம். அதனால் 3,000 பேருக்கு அனுமதி அனுப்புகிறார்கள். பதில் சொல்லக் கடைசி நாளான மே 1 அன்று எண்ணிப் பார்த்தால் 960 பேர்தான் பணம் கட்டியிருக்கிறார்கள். 40 இடம் குறைகிறது. அப்போது வெயிட்லிஸ்ட்டைத் திறக்கிறார்கள். அந்த நாற்பதும் ஒரே மாதிரி இடங்கள் அல்ல. கணினி அறிவியல் நிரம்பி வழியலாம், வேதியியலில் ஆள் குறையலாம். உதவித்தொகைக்கு ஒதுக்கிய பணம் தீர்ந்திருக்கலாம், அப்போது முழுக் கட்டணமும் கட்டக்கூடியவர்களையே பார்ப்பார்கள். அதே பல்கலைக்கழகத்தில் 1,040 பேர் பணம் கட்டிவிட்டால் விடுதியில் படுக்கவே இடமிருக்காது. அந்த ஆண்டு வெயிட்லிஸ்ட்டிலிருந்து ஒருவரைக்கூட எடுக்க மாட்டார்கள். நம் பிள்ளை எவ்வளவு நன்றாகப் படித்தாலும் அதில் மாற்றமில்லை.

இதைச் சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது, நம் பக்கத்தில் அது பலருக்குத் தெரியாது. பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் ஆண்டுதோறும் Common Data Set என்ற பெயரில் ஓர் ஆவணம் வெளியிடுகின்றன. பல்கலைக்கழகத்தின் பெயரோடு இந்த மூன்று சொற்களையும் சேர்த்துத் தேடினால் கிடைக்கும். அதில் C2 என்ற பகுதிக்குப் போங்கள். எத்தனை பேரை வெயிட்லிஸ்ட்டில் வைத்தார்கள், அதில் எத்தனை பேர் காத்திருக்கச் சம்மதித்தார்கள், கடைசியில் எத்தனை பேருக்கு இடம் கிடைத்தது என்ற மூன்று எண்களும் அங்கே கேட்கப்பட்டிருக்கும். பட்டியலுக்கு வரிசை எண் உண்டா என்ற கேள்வியும் அங்கேயே இருக்கிறது. நம்பர் எங்கே என்று கேட்ட அக்கா மகளுக்கு அந்தப் பக்கத்தைத்தான் திறந்து காட்டினேன். வரிசை இல்லை என்று அந்தப் பல்கலைக்கழகமே அதில் குறித்திருந்தது.

ஓர் ஆண்டை மட்டும் பார்க்காதீர்கள். மூன்று, நான்கு ஆண்டுகளை அடுத்தடுத்துப் பாருங்கள். ஓர் ஆண்டு நூறு பேரை எடுத்த இடம் அடுத்த ஆண்டு யாரையும் எடுக்காமல் இருக்கலாம். அந்த ஏற்ற இறக்கத்தைக் கண்ணால் பார்த்தால்தான் இது நம் கையில் இல்லை என்பது மனதில் உறைக்கும்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: வெயிட்லிஸ்ட்டில் இடம் கிடைப்பது, எத்தனை பேர் சேராமல் போனார்கள் என்பதையும், காலியான இடம் எப்படிப்பட்டது என்பதையும் பொறுத்தது. நம் கையில் இருப்பது, கூப்பிட்டால் வருவோம் என்று அவர்களுக்குத் தெரியவைப்பதும், நம் கோப்பைப் புதிதாக வைத்திருப்பதும்தான்.

## முதல் வேலை: காத்திருக்கிறேன் என்று சொல்வது

வெயிட்லிஸ்ட் என்று முடிவு வந்தால் நாம் ஏற்கெனவே பட்டியலில் இருக்கிறோம் என்று நினைப்பது இயல்பு. பெரும்பாலான இடங்களில் அப்படி இல்லை. வந்திருப்பது ஓர் அழைப்பு மட்டும்தான். விண்ணப்பதாரருக்கென்று பல்கலைக்கழகம் கொடுத்திருக்கும் இணையப் பக்கத்தை, அதாவது போர்ட்டலைத் திறந்து, காத்திருக்கச் சம்மதம் என்று நாமே தெரிவிக்க வேண்டும். அதற்குக் கடைசித் தேதி உண்டு. அந்தத் தேதி கடந்தால் நம்மைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பையன் மூன்று வாரம் நம்பிக்கையோடு காத்திருந்தான். அவன் அந்தப் படிவத்தை நிரப்பவே இல்லை என்பது ஏப்ரல் கடைசியில்தான் தெரிந்தது.

சம்மதம் சொல்லப் பொதுவாகக் கட்டணம் இல்லை, கட்டாயம் சேர வேண்டும் என்ற ஒப்பந்தமும் இல்லை. ஒன்றுக்கு மேற்பட்ட வெயிட்லிஸ்ட்டில் இருப்பதும் தவறில்லை. ஆனால் உண்மையில் போக விருப்பமில்லாத இடத்தில் பெயரை விட்டுவைக்காதீர்கள். அது நம் மனக்கணக்கையும் குழப்பும்.

அடுத்தது ஒரு கடிதம். இதைத் தொடர் விருப்பக் கடிதம் என்று சொல்லலாம்: உங்களிடம் சேர எனக்கு இன்னும் விருப்பம் இருக்கிறது, விண்ணப்பித்த பிறகு இன்னின்னது நடந்திருக்கிறது என்று சொல்லும் ஒரு பக்கக் கடிதம். முதலில் பல்கலைக்கழகம் அனுப்பிய வெயிட்லிஸ்ட் அறிவிப்பையும், அதனோடு வரும் கேள்வி-பதில் பக்கத்தையும் முழுதாகப் படிக்க வேண்டும். சில இடங்களில் போர்ட்டலிலேயே அதற்கென்று ஒரு பெட்டி இருக்கும். சில இடங்களில் மின்னஞ்சல் முகவரி கொடுத்திருப்பார்கள். சில இடங்களில் கூடுதலாக எதையும் அனுப்பாதீர்கள் என்று வெளிப்படையாகச் சொல்லியிருப்பார்கள். அங்கே அனுப்பாமல் இருப்பதுதான் சரி. வேண்டாம் என்றவர்களுக்கு அனுப்பினால், சொன்னதைப் படிக்காத பிள்ளை என்ற எண்ணம்தான் மிஞ்சும்.

அக்கா மகள் முதலில் எழுதியது இரண்டு பக்கம். உங்கள் பல்கலைக்கழகம் உலகப் புகழ்பெற்றது, என் வாழ்நாள் கனவு என்று ஒரு பக்கம் முழுக்கப் போனது. அதைப் படிக்கும் அலுவலருக்கு அதில் ஒரு தகவலும் இல்லை. நான் அவளிடம் கேட்டேன்: "அவங்களுக்குத் தெரியாத எதை நீ சொல்லப்போற?" சற்று நேரம் யோசித்துவிட்டு மூன்று விஷயம் சொன்னாள். அந்த மூன்றும்தான் கடிதமாயிற்று.

முதல் பத்தியில், இடம் கிடைத்தால் நிச்சயம் சேர்வேன், ஆனால் என் குடும்பம் ஆண்டுக்குக் கட்டக்கூடிய தொகை விண்ணப்பத்தில் சொன்ன அளவுதான் என்று எழுதினாள். இரண்டாம் பத்தியில் புதிதாக நடந்தது. குடியாத்தத்தில் அவர்கள் வீட்டு லுங்கி வியாபாரத்துக்குச் சாயமிட்ட நூல் வருகிறது. சாயக் கழிவுநீரில் கரைந்த உப்பின் அளவைப் பற்றி அவள் பள்ளியில் ஒரு செயல்திட்டம் செய்துகொண்டிருந்தாள். விண்ணப்பித்த நவம்பரில் நான்கு மாதிரிகள்தான் எடுத்திருந்தாள். மார்ச்சில் அது இருபத்திரண்டு மாதிரிகளாகி, மாவட்ட அளவில் காட்சிக்கு வைக்கப்பட்டது. மூன்றாம் பத்தியில், அந்த வேலையைத் தொடர அந்தப் பல்கலைக்கழகத்தின் எந்தத் துறையில், எந்த ஆய்வகத்தில் சேர ஆசை என்று இரண்டே வரி. மொத்தம் ஆங்கிலத்தில் முந்நூறு சொற்களுக்குக் கொஞ்சம் குறைவு.

அந்த 'நிச்சயம் சேர்வேன்' என்ற வரியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். யீல்டு கணக்கைப் பார்த்தோமே, அதனால்தான் இந்த வரிக்கு எடை. ஜூன் மாதத்தில் நாற்பது இடத்தை நிரப்ப வேண்டியவர், கூப்பிட்டால் வருவாரா என்று தெரியாதவரைவிட, வருவேன் என்று சொன்னவரைக் கூப்பிடவே விரும்புவார். அதனாலேயே இந்த வரியை ஒரே ஓர் இடத்துக்குத்தான் எழுதலாம். மூன்று பல்கலைக்கழகத்துக்கும் நீங்கள்தான் என் முதல் விருப்பம் என்று எழுதுவது பொய். மற்ற இடங்களுக்கு, இன்னும் மிகுந்த விருப்பத்தோடு இருக்கிறேன் என்று எழுதினால் போதும், அதுவும் உண்மைதானே.

## கோப்பைப் புதுப்பிப்பது: மே மாதத்தின் மதிப்பு

தமிழ்நாட்டுப் பாடத்திட்ட மாணவர்களுக்குச் சாதகமான ஒன்று இங்கே இருக்கிறது, அதைப் பலர் பயன்படுத்துவதில்லை.

நவம்பரிலோ ஜனவரியிலோ விண்ணப்பிக்கும்போது பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு மதிப்பெண் நம்மிடம் இருக்காது. காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்ணோ பள்ளி கொடுக்கும் எதிர்பார்ப்பு மதிப்பெண்ணோதான் போகும். பிளஸ் டூ முடிவு 2024-இல் மே 6 அன்று வந்தது, 2025-இல் மே 8 அன்று. சிபிஎஸ்இ முடிவு அந்த இரண்டு ஆண்டுகளிலும் மே 13. அதாவது, அமெரிக்காவில் மே 1 கெடு முடிந்து, இடங்களை எண்ணிப் பார்த்து, வெயிட்லிஸ்ட்டைத் திறக்கும் அதே நாட்களில் நம் கையில் பொதுத்தேர்வு மதிப்பெண் வருகிறது. கோப்பில் சேர்க்க இதைவிடக் கனமான புதுத் தகவல் பெரும்பாலானவர்களிடம் இருக்காது.

அக்கா மகளுக்கு அரையாண்டில் 600-க்கு 541. பொதுத்தேர்வில் 574. முடிவு வந்த அன்றே தற்காலிக மதிப்பெண் பட்டியலுக்குக் காத்திருக்காமல், பாடவாரியான மதிப்பெண்ணை நான்கு வரியில் எழுதிப் போர்ட்டலில் பதிவேற்றினாள். பட்டியல் கைக்கு வந்ததும், பள்ளியின் மின்னஞ்சலிலிருந்து தலைமையாசிரியர் அனுப்பினார். இந்த இரண்டாவது படி முக்கியம். மாணவர் தானே அனுப்புவது தகவல், பள்ளியிலிருந்து வருவதுதான் சான்று. நம் ஊர்ப் பள்ளிகளில் அமெரிக்கச் சேர்க்கைக்கென்று தனி ஆலோசகர் இருப்பது அரிது. விண்ணப்பத்தில் யாருடைய பெயரைக் கொடுத்தோமோ அவரே அனுப்பினால் போதும். ஆனால் மே மாதம் பள்ளி விடுமுறை. அவர் ஊரில் இருப்பாரா என்று ஏப்ரலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மதிப்பெண்ணை நாமாக அமெரிக்க ஜிபிஏ ஆக மாற்றி எழுத வேண்டாம். 600-க்கு 574 என்று இருப்பதை இருக்கிறபடியே எழுதுங்கள். நம் மதிப்பெண்ணைப் படிக்க அவர்களுக்குத் தெரியும். மதிப்பெண் குறைந்திருந்தால் என்ன செய்வது என்று கேட்பார்கள். முந்திக்கொண்டு அனுப்ப வேண்டியதில்லை, ஆனால் கேட்டால் மறைக்கக் கூடாது. சேரும்போது இறுதி மதிப்பெண் எப்படியும் போயாக வேண்டும்.

அனுப்பக்கூடாதவை என்று பார்த்தால், அவர்கள் கேட்காத புதுப் பரிந்துரைக் கடிதங்கள்தான் முதலிடம். மாணவியை நேரில் அறியாத பிரமுகரின் கடிதம், எம்எல்ஏ கடிதம் எதுவும் அங்கே எடுபடாது. அக்காவின் கணவர் உள்ளூரில் ஒரு பெரிய மனிதரிடம் கடிதம் வாங்கப் புறப்பட்டுவிட்டார். அவரைத் தடுக்க எனக்கு ஒரு மாலை முழுக்க ஆயிற்று. பெற்றோர் போன் செய்வதும் வேண்டாம். விண்ணப்பித்தது பிள்ளை, பேச வேண்டியதும் பிள்ளைதான். கடிதம் ஒன்று, மே மாதத்தில் மதிப்பெண் ஒன்று, இரண்டோடு நிறுத்திக்கொள்ளலாம். வாரம் ஒரு மின்னஞ்சல் அனுப்புவதால் ஓட்டை கூடுதலாக விழப்போவதில்லை.

வேலூரில் ஒருவர் எங்களிடம், நாற்பதாயிரம் கொடுத்தால் வெயிட்லிஸ்ட்டில் 'மேலே ஏற்றித் தருகிறேன்' என்றார். வரிசையே இல்லாத பட்டியலில் எதை மேலே ஏற்றுவது? எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் தீரவில்லை. வரிசை இல்லை என்பது தெரியாத குடும்பங்கள் அந்தப் பணத்தைக் கொடுத்திருக்கின்றன.

## கையில் இருக்கும் இடம்

இதுதான் எல்லாவற்றிலும் கடினமான பகுதி. ஏனென்றால் இங்கே பணம் வருகிறது, கெடுவும் வருகிறது.

இடம் கொடுத்த பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் மே 1-க்குள் பதில் கேட்கும். சேர்கிறேன் என்று சொல்லும்போது ஒரு முன்பணம் கட்ட வேண்டும், அதைத்தான் டெபாசிட் என்கிறார்கள். சில நூறு டாலர்கள் இருக்கும், பெரும்பாலும் திரும்ப வராது. வெயிட்லிஸ்ட் முடிவோ மே 1-க்குப் பிறகுதான் பெரும்பாலும் வரும், சில சமயம் ஜூலை வரையிலும்கூட இழுக்கும். ஆக, வெயிட்லிஸ்ட்டைப் பார்த்துவிட்டு டெபாசிட் கட்டலாம் என்று நினைத்தால் இரண்டும் போய்விடும். அனுமதி கிடைத்த இடங்களில் சிறந்ததைத் தேர்ந்தெடுத்து, மே 1-க்குள் பணம் கட்டி, அங்கேதான் போகப்போகிறோம் என்ற எண்ணத்தோடு வேலையைத் தொடங்குவதுதான் வழி.

ஓர் இடத்தில் டெபாசிட் கட்டிவிட்டு இன்னோர் இடத்தின் வெயிட்லிஸ்ட்டில் இருப்பது தவறில்லை, அது எல்லோரும் அறிந்த நடைமுறைதான். ஆனால் அனுமதி கொடுத்த இரண்டு பல்கலைக்கழகங்களில் ஒரே நேரத்தில் டெபாசிட் கட்டி வைப்பது தவறு. இரண்டு இடத்தில் இலை போட்டு உட்காருவது போன்றது அது. தெரிய வந்தால் இரண்டு இடமும் அனுமதியைத் திரும்பப் பெறலாம்.

அக்கா மகளுக்கு வேறு ஒரு பல்கலைக்கழகத்தில் இடம் இருந்தது. ஆண்டுச் செலவு விடுதியோடு 50,000 டாலர், அதில் 26,000 டாலர் உதவித்தொகை. கையிலிருந்து 24,000. ஒரு டாலர் 85 ரூபாய் என்று வைத்தால் ஆண்டுக்கு இருபது லட்சத்துக்குச் சற்று மேல். ஏப்ரல் 27 அன்று அங்கே 300 டாலர் டெபாசிட் கட்டினோம். திரும்ப வராது என்று தெரிந்தே கட்டினோம்.

அன்று மாலையே அக்கா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதினோம். வெயிட்லிஸ்ட் இடம் கிடைத்தால், ஆண்டுக்கு அதிகபட்சம் எவ்வளவு கட்டலாம்? கல்விக் கடன் தவணை, கடையின் வருமானம், தம்பியின் படிப்பு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, 25 லட்சம் என்று எழுதினார் அக்காவின் கணவர். அதற்குக் கீழே அக்கா மகள் கையெழுத்துப் போட்டாள். இந்தத் தாளை ஏப்ரலிலேயே எழுத வேண்டியதற்குக் காரணம் உண்டு. வெயிட்லிஸ்ட்டிலிருந்து அழைப்பு வந்தால் யோசிக்கச் சில நாட்கள்தான் தருவார்கள், சில இடங்களில் இரண்டு மூன்று நாள்தான். அந்தச் சில நாளில், மகிழ்ச்சியும் பெருமையும் சொந்தக்காரர் போன்களும் சேர்ந்த வீட்டில், யாராலும் நிதானமாகக் கணக்குப் போட முடியாது. அதோடு, வெயிட்லிஸ்ட்டிலிருந்து எடுக்கப்படும் வெளிநாட்டு மாணவர்களுக்கு உதவித்தொகை மிகக் குறைவாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அறிவிப்பிலேயே அதை எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

உள்ளூர் இடத்தை என்ன செய்வது என்றும் கேட்கிறார்கள். விஐடியிலோ வேறு கல்லூரியிலோ நுழைவுத்தேர்வு வழியாக ஓர் இடம் இருக்கும், அல்லது ஜூலையில் பொறியியல் கலந்தாய்வு வரும். விசா கையில் வரும் வரை அமெரிக்க இடம் முழு உறுதி இல்லை என்பதால், அதை வைத்திருப்பதில் நியாயம் உண்டு என்பது என் எண்ணம். பணம் கட்டும் முன் திருப்பித் தரும் விதியைப் படியுங்கள். 2024-25 கல்வியாண்டுக்கு யுஜிசி, செப்டம்பர் 30-க்குள் விலகினால் முழுக் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும் என்று அறிவித்திருந்தது. இந்தத் தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும், அதனால் சேரும் ஆண்டின் அறிவிப்பைத்தான் பார்க்க வேண்டும். விசா வந்தவுடன் உள்ளூர் இடத்தை விட்டுவிடுங்கள். கலந்தாய்வு முடிவதற்குள் விட்டால் இன்னொரு பிள்ளைக்கு அது போய்ச் சேரும்.

முதுகலைக்கு விண்ணப்பித்தவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே முடிவெடுப்பது பெரும்பாலும் துறைதான், மே 1 என்ற கணக்கு பொருந்தாது. உதவித்தொகையோடு கூடிய அனுமதிக்குப் பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் ஏப்ரல் 15-ஐக் கெடுவாக ஏற்றுக்கொண்டிருக்கின்றன. அதனால் அந்தத் தேதியை ஒட்டித்தான் அங்கே இடங்கள் நகரும். கடிதத்தையும் துறையின் மாணவர் சேர்க்கை அலுவலருக்கே எழுத வேண்டும்.

இந்தப் பகுதியில் நினைவில் வைக்க வேண்டியது இரண்டு. மே 1-க்குள் ஓர் இடத்தில், ஒரே ஓர் இடத்தில், டெபாசிட். வெயிட்லிஸ்ட்டிலிருந்து அழைத்தால் எந்தத் தொகைக்கு மேல் போக மாட்டோம் என்பது அழைப்பு வருவதற்கு முன்பே தாளில்.

## அழைப்பு வந்த நாள்

ஜூன் 3 அன்று இரவு அவளுக்கு மின்னஞ்சல் வந்தது. வெயிட்லிஸ்ட் பல்கலைக்கழகம் இடம் கொடுத்திருந்தது. பதில் சொல்ல நான்கு நாள். ஆண்டுச் செலவு 78,000 டாலர், உதவித்தொகை 15,000. கையிலிருந்து 63,000, நம் பணத்தில் ஐம்பத்து மூன்று லட்சத்துக்கு மேல்.

முதல் நாள் வீட்டில் யாரும் தாளை எடுக்கவில்லை. இனிப்பு வாங்கினார்கள். அக்கா அழுதாள். இரண்டாம் நாள் அக்கா மகளே ஒரு மின்னஞ்சல் எழுதினாள்: இவ்வளவுதான் எங்களால் முடியும், உதவித்தொகையை மறுபரிசீலனை செய்ய வழி இருக்கிறதா? இப்படிக் கேட்பது தவறில்லை. மரியாதையாக, ஒரே முறை, கையில் இருக்கும் மற்ற இடத்தின் உதவித்தொகைக் கடிதத்தையும் இணைத்துக் கேட்கலாம். மூன்றாம் நாள் பதில் வந்தது. வெயிட்லிஸ்ட் மாணவர்களுக்கு இதற்கு மேல் நிதி இல்லை என்று கனிவாகவே எழுதியிருந்தார்கள்.

ஏற்றிருந்தால் என்ன செய்திருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதலில் புதிய இடத்தை ஏற்று டெபாசிட் கட்ட வேண்டும். அது போர்ட்டலில் உறுதியான பிறகுதான் பழைய இடத்துக்கு விலகல் கடிதம் அனுப்ப வேண்டும். வரிசை மாறினால் நடுவில் எந்த இடமும் இல்லாமல் போகும் ஆபத்து உண்டு. பழைய 300 டாலர் போய்விடும். விசாவுக்குத் தேவையான ஐ-20, அதாவது பல்கலைக்கழகம் கொடுக்கும் தகுதிப் படிவம், புதிய இடத்திலிருந்து புதிதாக வர வேண்டும். பழைய ஐ-20-ஐ வைத்து மாணவர் விசாவுக்கு முன் கட்ட வேண்டிய 350 டாலர் செவிஸ் கட்டணத்தைக் கட்டியிருந்தால், அதைப் புதிய படிவத்துக்கு மாற்றிக்கொள்ள வழி உண்டு. வங்கிக் கடன் ஒப்புதல் கடிதத்தில் பல்கலைக்கழகத்தின் பெயரும் தொகையும் இருப்பதால், வங்கிக்கும் திரும்பப் போக வேண்டியிருக்கும். ஜூனில் இதெல்லாம் முடியும். ஜூலைக் கடைசியில் அழைப்பு வந்தால், ஆகஸ்ட் வகுப்புக்குள் சென்னையிலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் விசா நேர்காணல் தேதி கிடைக்குமா என்பதுதான் முதல் கேள்வியாகிவிடும்.

நான்காம் நாள் காலை அக்கா மகள் தானாகவே அந்தத் தாளை அலமாரியிலிருந்து எடுத்து வந்து மேசை மேல் வைத்தாள். 25 என்று எழுதியிருந்ததை ஒருமுறை பார்த்தாள். "அப்பா, நான் வேண்டாம்னு போட்டுடறேன்" என்றாள். அவர் பேசவில்லை, தலையை மட்டும் அசைத்தார். நன்றி சொல்லி மூன்று வரி எழுதி, போர்ட்டலில் மறுப்பைப் பதிவு செய்தாள். இன்னொரு பல்கலைக்கழகத்தின் வெயிட்லிஸ்ட்டிலும் அவள் பெயர் இருந்தது. அதையும் அப்போதே திறந்து, விலகுகிறேன் என்று குறித்தாள். டெபாசிட் கட்டிய பல்கலைக்கழகத்தின் ஐ-20 அதற்கு முந்தின வாரமே வந்திருந்தது. அன்று பிற்பகல் விசா படிவத்தை நிரப்ப உட்கார்ந்தோம்.